மூன்று பாட்டிலும் திங்கட்கிழமைத் தராசும்

சனிக்கிழமை மாலையில் பாசிர் ரிஸ் கடற்கரைப் பக்கம் நடந்தால் கரியடுப்புப் புகை முகத்தில் அடிக்கும். டௌன்டவுன் ஈஸ்ட் சாலே வீடுகளில் யாருக்காவது பிறந்தநாள், இல்லாவிட்டால் யாராவது ஊருக்குப் போகிறார்கள். கோழி இறக்கை, ஓத்தா, வாழையிலையில் சம்பால் திருக்கை, ஓரத்தில் ஐஸ் பெட்டி நிறைய பியர். டயாலிசிஸ் நிலையத்தில் பல ஆண்டு தாதியாக இருந்த எனக்கு இந்தப் புகை வாசனை வந்தால் அடுத்து நினைவுக்கு வருவது திங்கட்கிழமைதான். சனிக்கிழமை சாப்பாட்டின் கணக்கு திங்கட்கிழமை எங்கள் தராசில் ஏறும்.

அப்படி ஒரு சாலே விருந்தில் உட்கார்ந்திருந்த இரண்டு சகோதரர்களை வைத்தே இதைச் சொல்கிறேன். பெரியவருக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். சின்னவருக்குச் சிறுநீரகம் நன்றாக இருக்கிறது. ரத்த அழுத்தத்துக்கு மட்டும் மாத்திரை. இருவரும் அன்றைக்கு ஆளுக்கு மூன்று பெரிய பாட்டில் பியர் குடித்தார்கள். மேசையும் பியரும் ஒன்று. ஆனால் இரண்டு உடம்புக்குள்ளும் நடந்தவை நேரெதிர்.

முதலில் அளவு. பெரிய பாட்டிலில் 633 மில்லி, ஆல்கஹால் 5 விழுக்காடு. ஆல்கஹால் தண்ணீரைவிட லேசானது. ஒரு மில்லிக்கு 0.79 கிராம்தான். ஆகவே ஒரு பாட்டிலில் 25 கிராம், மூன்றில் 75. சிங்கப்பூரில் ஓர் அளவு மது என்பது 10 கிராம். ஆண்களுக்கு ஒரு நாளைக்கு இரண்டு அளவுக்கு மேல் வேண்டாம், பெண்களுக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம் என்பது இங்குள்ள அறிவுரை. மூன்று பாட்டில் ஏழரை அளவு. “மூணே மூணுதான் சிஸ்டர்” என்று பெரியவர் பிறகு சொன்னபோது அவர் பொய் சொல்லவில்லை. பாட்டிலை எண்ணினார், கிராமை எண்ணவில்லை. இதே கணக்கை 8 விழுக்காட்டு ஸ்ட்ராங் பியருக்குப் போட்டால் ஒரு பாட்டிலே 40 கிராம் ஆகிவிடும்.

சின்னவரை முதலில் பார்ப்போம். குடித்து அரைமணி நேரத்தில் எழுந்தவர் இரவு முழுக்கக் கழிவறைக்கும் மேசைக்குமாக நடந்தார். பியரில் தண்ணீர் அதிகம், அதனால் வருகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது பாதிதான். மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரிச் சுரப்பியிலிருந்து வாசோபிரஸின் என்ற ஹார்மோன் வருகிறது. சிறுநீரகத்திடம் “தண்ணீரை வெளியே விடாதே, திருப்பி எடு” என்று சொல்வது அதன் வேலை. ரத்தத்தில் ஆல்கஹால் ஏறிக்கொண்டிருக்கும் நேரத்தில் இந்த ஹார்மோன் அடங்கிப் போகிறது. சொல்ல ஆள் இல்லாததால் சிறுநீரகம் மடையைத் திறந்துவிடுகிறது. 1942இல் கிரேஸ் எகிள்டன் என்ற உடலியங்கியல் ஆய்வாளர் இதை அளந்து பார்த்தார். குடித்த ஒவ்வொரு கிராம் ஆல்கஹாலுக்கும் ஏறத்தாழ 10 மில்லி சிறுநீர் கூடுதலாகப் போகிறது என்று கண்டார். அந்தக் கணக்கில் சின்னவர் குடித்த 1.9 லிட்டர் திரும்பி வந்ததோடு அதற்கு மேலும் முக்கால் லிட்டர் வரை உடம்பிலிருந்து போயிருக்கும். ஆல்கஹால் இறங்கத் தொடங்கியதும் ஹார்மோன் திரும்பி வரும், மடை மூடிக்கொள்ளும். காலையில் நாக்கு ஒட்டிக்கொள்வதும் சிறுநீர் அடர்மஞ்சளாகக் கொஞ்சமாக வருவதும் அதனால்தான்.

ஆரோக்கியமான சிறுநீரகத்துக்கு இது ஒரு இரவுத் தொந்தரவு. ஒரு குவளைத் தண்ணீரும் இட்லி சாம்பாரும் சரிசெய்துவிடும். ஆனால் அந்தக் காலை நேரத்தில் நம்மவர்கள் வழக்கமாகச் செய்யும் ஒரு காரியம் இருக்கிறது. தலை இடிக்கிறது, உடம்பு வலிக்கிறது என்று கையில் கிடைக்கும் வலி மாத்திரையைப் போடுவது. சிறுநீரகத்தில் ரத்தத்தை வடிகட்டும் ஒவ்வொரு முடிச்சுக்கும் உள்ளே வரும் குழாய் ஒன்று, வெளியே போகும் குழாய் ஒன்று. உடம்பில் தண்ணீர் குறைந்தால் உள்வரும் குழாயை விரித்தும் வெளிப்போகும் குழாயைச் சுருக்கியும் முடிச்சுக்குள் அழுத்தத்தைச் சிறுநீரகம் காப்பாற்றிக்கொள்கிறது. ஐபுபுரூஃபன், டைகுளோஃபினாக், மெஃபனமிக் அமிலம் போன்ற மாத்திரைகள் உள்குழாய் விரிவதைத் தடுக்கின்றன. ரத்த அழுத்தத்துக்குப் போடும் லோசார்ட்டான் வகை மாத்திரை வெளிக்குழாய் சுருங்குவதைத் தடுக்கிறது. இரண்டும் சேர்ந்த உடம்பில் வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்து தண்ணீரும் குறைந்தால், வடிகட்டுவதற்குத் தேவையான அழுத்தமே இல்லாமல் போகிறது. இரண்டொரு நாளில் கிரியாட்டினின் எகிறும். சிறுநீர் குறைவதுதான் வெளியே தெரியும் முதல் அடையாளம். அதையும் “நேற்று நிறையப் போய்விட்டது, இன்றைக்குக் குறைகிறது” என்று சமாதானம் செய்துகொள்வார்கள். சிறுநீரகத்தைப் பொறுத்தவரை பாரசிட்டமால் அந்தக் காலையில் பாதுகாப்பானது. தினமும் அதிகம் குடிப்பவருக்கு அதிலும் ஈரல் பக்கம் எச்சரிக்கை உண்டு.

சின்னவருக்குத் தலைவலிகூட இல்லை. அவர் மாட்டிக்கொண்டது வேறு இடத்தில். விருந்தில் யாரோ கைக்கு மாட்டும் ரத்த அழுத்தக் கருவி கொண்டுவந்திருந்தார்கள். வழக்கமாக 136 காட்டுபவருக்கு இரவு ஒன்பது மணிக்கு 122 காட்டியது. “குடிச்சா பிரஷர் இறங்குது, பாருங்கக்கா!” என்று எல்லாரிடமும் காட்டினார். கருவியில் கோளாறு இல்லை. குடித்த முதல் சில மணி நேரம் ரத்தக் குழாய்கள் விரிகின்றன, முகம் சூடேறுகிறது, அழுத்தம் இறங்கத்தான் செய்யும். பிழை அளந்த நேரத்தில் இருக்கிறது. ஆல்கஹால் குடித்தபின் அழுத்தம் எப்படி மாறுகிறது என்று பார்த்த பல சோதனைகளை ஒன்றுசேர்த்து 2020இல் காக்ரேன் அமைப்பு ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. 30 கிராமுக்கு மேல் குடித்தால் முதல் 12 மணி நேரம் அழுத்தம் குறைகிறது, 13 மணி நேரத்துக்குப் பிறகு வழக்கத்தைவிட ஏறுகிறது, இதயத் துடிப்பு ஒரு நாள் முழுக்க வேகமாகவே இருக்கிறது. மறுநாள் நண்பகலில் சின்னவருக்கு 144. அதை யாருக்கும் அவர் காட்டவில்லை.

ஏற்றம் சராசரியாக மூன்று நான்கு புள்ளிதான். இது ஒரு பெரிய விஷயமா என்று கேட்கலாம். ஒரு நாளைக்கு இல்லை. வாரத்தில் நான்கு நாள் குடிப்பவருக்கு இறங்கும் மணிநேரங்கள் தூக்கத்தில் கழிந்துவிடுகின்றன. விழித்து வேலை செய்யும் நேரமெல்லாம் ஏறும் பக்கத்தில் இருக்கிறது. 1915இலேயே காமில் லியான் என்ற பிரெஞ்சு ராணுவ மருத்துவர் இதைக் கவனித்துவிட்டார். போர்க்காலத்தில் தன் படைவீரர்கள் ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் வைன் குடிக்கிறார்கள் என்று கேட்டு எழுதி, அழுத்தத்தையும் அளந்தார். நாளுக்கு இரண்டரை, மூன்று லிட்டர் குடித்தவர்களிடம் உயர் அழுத்தம் கூடுதலாக இருந்தது. அதன்பின் அரை நூற்றாண்டுக்கும் மேலாக அந்தக் கட்டுரையை மருத்துவ உலகம் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. திருப்பிப் போட்டுப் பார்த்த சான்றும் இப்போது இருக்கிறது: 2017இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வில், நாளுக்கு ஆறு அளவுக்கு மேல் குடித்தவர்கள் பாதியாகக் குறைத்தபோது மேல் அழுத்தம் சராசரியாக ஐந்தரைப் புள்ளி இறங்கியது. ஒரு மாத்திரை செய்யும் வேலைக்கு அருகில் வரும் அளவு அது. நாளுக்கு இரண்டு அளவுக்குள் குடித்தவர்கள் குறைத்தபோது மாற்றம் எதுவும் தென்படவில்லை. இதையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை.

இங்கே ஒரு நடைமுறைச் சிக்கல். ஞாயிற்றுக்கிழமை இரவு குடித்துவிட்டுத் திங்கட்கிழமை காலை பலதுறை மருந்தகத்துக்குப் போனால் அழுத்தம் ஏறும் மணிநேரத்தில்தான் மருத்துவர் அளப்பார். மாத்திரை கூடும். அந்த வாரம் முழுக்கக் குடிக்காமல் இருந்தால் மாத்திரை அதிகமாகித் தலைசுற்றும், குடித்தவரே அதை நிறுத்திவிடுவார். குடித்த நாளையும் நேரத்தையும் மருத்துவரிடம் சொல்ல நம்மவர்களுக்கு வெட்கம். சீனி அளவைச் சொல்வார்கள், மலச்சிக்கலைச் சொல்வார்கள், இதைச் சொல்ல மாட்டார்கள்.

ஏறிய அழுத்தம் சிறுநீரகத்தை எப்படிக் கெடுக்கிறது என்பது ரத்தத்தில் தெரிவதற்கு முன்னால் சிறுநீரில் தெரியும். முடிச்சுகளின் சல்லடை தளர்ந்து அல்புமின் என்ற புரதம் கசியத் தொடங்கும். அல்புமினுக்கும் கிரியாட்டினினுக்கும் உள்ள விகிதத்தைச் சிறுநீரில் பார்ப்பார்கள். 3க்குக் கீழே இருந்தால் நல்லது. 30ஐத் தாண்டினால் கசிவு கடுமையானது. சிறுநீரில் நுரை அடங்காமல் நின்றால் சந்தேகப்படலாம், ஆனால் நுரை வரும்வரை காத்திருந்தால் காலம் கடந்திருக்கும்.

மது நேரடியாகச் சிறுநீரகத்தைக் கெடுக்கிறதா என்பதுதான் இந்தத் துறையில் அதிகம் வாதாடப்பட்ட கேள்வி. விடை சங்கடமானது. பல பெரிய ஆய்வுகளில் மிதமாகக் குடிப்பவர்களுக்குச் சிறுநீரக நோய் குறைவாகவே தெரிகிறது. ஆஸ்திரேலியாவில் நடந்த ஆஸ்டயப் ஆய்வில் நாளுக்கு 30 கிராமுக்கு மேல் குடித்தவர்களிடம் அல்புமின் கசிவு அதிகமாக இருந்தது, ஆனால் வடிகட்டும் திறன் குறைந்தவர்கள் அவர்களில் குறைவு. ஒரே ஆட்களிடம் கெட்டதும் நல்லதும் எப்படி? எனக்கு நியாயமாகப் படும் விளக்கம் ஒன்று உண்டு. வடிகட்டும் திறனை நாம் நேராக அளப்பதில்லை. ரத்தத்தில் உள்ள கிரியாட்டினினை வைத்துக் கணக்கிடுகிறோம். கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது. வருடக்கணக்கில் குடித்து, சரியாகச் சாப்பிடாமல், கைகால் சூம்பிப் போனவருக்குக் கிரியாட்டினின் தானே குறைந்திருக்கும். சிறுநீரகம் கெட்டிருந்தாலும் காகிதத்தில் நன்றாகத் தெரியும். இன்னொன்று, குடிக்காதவர்கள் என்று எழுதப்படுபவர்களில் நோய் வந்து குடியை விட்டவர்களும் கலந்திருக்கிறார்கள்.

இந்தக் குழப்பத்தைத் தாண்ட நம் அண்டை வீட்டுக்காரர்கள் ஒரு வழி தந்தார்கள். சீன நண்பர்கள் சிலருக்கு அரைக் கிளாஸிலேயே முகம் சிவப்பதைச் சிங்கப்பூரில் எல்லாரும் பார்த்திருப்போம். ஆல்கஹாலை உடைக்கும் ஒரு நொதியின் மரபணு மாற்றம் அது. நம்மிடம் அரிது, கிழக்காசியர்களிடம் அதிகம். முகம் சிவந்து படபடப்பதால் அவர்கள் பிறப்பிலேயே குறைவாகக் குடிப்பவர்களாகிவிடுகிறார்கள். நோய் வந்ததால் குறைத்தவர்கள் இல்லை. சீனாவில் ஐந்து லட்சம் பேரைத் தொடர்ந்த ஓர் ஆய்வு 2019இல் இந்த மரபணுவை வைத்துக் கணக்கிட்டபோது, மிதமான குடி பக்கவாதத்திலிருந்து காக்கும் என்று முன்பு தெரிந்த நன்மை காணாமல் போனது. குடி கூடக் கூட ரத்த அழுத்தமும் பக்கவாதமும் நேராக ஏறின. சிறுநீரகத்தை நேராகப் பார்த்த ஆய்வு இல்லை அது. ஆனால் சிறுநீரகத்துக்குள் நுழையும் வாசல் அழுத்தம்தான் என்பதால், “கொஞ்சம் குடிச்சா கிட்னிக்கு நல்லதாம்” என்று யாராவது சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன்.

இனிப் பெரியவர். அவருடைய மூன்று பாட்டில் எங்கே போனது? எங்கும் போகவில்லை. அவருக்கு நாளுக்கு 100 மில்லி சிறுநீர்கூடச் சரியாக வராது. ஹார்மோன் அடங்கினாலும் அடங்காவிட்டாலும் திறப்பதற்கு மடை கிடையாது. டயாலிசிஸ் செய்பவர் குடிக்கக்கூடிய அளவு பொதுவாக, முந்தின நாள் போன சிறுநீரோடு 500 மில்லியைக் கூட்டினால் வருவது. இவருக்கு 600. திங்கள், புதன், வெள்ளி முறைக்காரர் என்பதால் வெள்ளி நண்பகலிலிருந்து திங்கள் நண்பகல்வரை மூன்று நாள் இடைவெளி, மொத்தம் 1.8 லிட்டர். மூன்று பாட்டில் 1.9 லிட்டர். ஒரு சனிக்கிழமை மாலையில் மூன்று நாள் தண்ணீரையும் குடித்து முடித்துவிட்டார். அதன் பிறகு ஞாயிறு இருக்கிறது, திங்கள் காலை காப்பி இருக்கிறது.

தண்ணீரோடு உப்பு. உடம்புத் தண்ணீரின் உப்புச் செறிவை மூளை விடாமல் காக்கும் என்பதால் எட்டு கிராம் உப்பு உள்ளே போனால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் கேட்கும் அளவுக்குத் தாகம் வரும். கோழி இறக்கையின் சோயா ஊறல், சம்பால், ஓத்தா, இடையில் கொறித்த கடலை. பியரை மட்டும் திட்டுவது சரியில்லை. பியரோடு வந்த தட்டுதான் ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவரைக் குடிக்க வைத்தது.

திங்கட்கிழமை தராசில் ஏறினார். அவருடைய உலர் எடை, அதாவது உடம்பில் மிகைத் தண்ணீர் இல்லாத எடை, 60 கிலோ. தராசு 64.2 காட்டியது. சனிக்கிழமை சாப்பிட்ட கறி இரண்டு நாளில் நாலு கிலோ சதை ஆகாது, எல்லாம் தண்ணீர். செருப்பு வார் கணுக்காலில் பதிந்திருந்தது. முந்தின இரவு மூன்று தலையணை வைத்துச் சாய்ந்து தூங்கினேன் என்றார். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்பதற்கு எங்கள் மொழியில் அதுதான் அளவு, தலையணைக் கணக்கு. அழுத்தம் 170.

எடுத்துவிட வேண்டியதுதானே என்று கேட்பார்கள். இயந்திரத்துக்கு அந்தத் திறன் உண்டு, உடம்புக்கு இல்லை. இயந்திரம் தண்ணீரை எடுப்பது ரத்தத்திலிருந்து. காலில் வீங்கி நிற்கும் தண்ணீர் மெதுவாகத்தான் ரத்தக் குழாய்க்குள் திரும்பி வரும். வருவதைவிட வேகமாக எடுத்தால் குழாய் காலியாகும். உடல் எடை ஒரு கிலோவுக்கு மணிக்கு 13 மில்லிக்குள் எடுப்பது நல்லது என்று வைத்திருக்கிறார்கள். 60 கிலோ, நான்கு மணி நேரம் என்றால் 3.1 லிட்டர். 4.2 எப்படியும் உள்ளே அடங்காது. அன்றைக்கு அவர் மணிநேரத்தைக் கூட்ட ஒப்புக்கொள்ளவில்லை. மூன்றாவது மணியில் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தது, கொட்டாவி விட்டார், முகம் வெளுத்தது. கொட்டாவியைப் பார்த்ததும் நாங்கள் கருவியைப் பார்ப்போம். அழுத்தம் 88. காலைத் தூக்கி வைத்து, நீர் எடுப்பதை நிறுத்தி, கொஞ்சம் உப்புநீரைத் திருப்பி ஏற்றினோம். எடுக்க வந்த இடத்தில் கொடுத்தோம். ஒரு கிலோவுக்கு மேல் புதன்கிழமைக்கு மிச்சம். இப்படி ஏறுவதும் விழுவதும் இதயத் தசையை ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மரத்துப்போகச் செய்கிறது. டயாலிசிஸ் நோயாளிகளின் இறப்பு வாரத்தின் இந்த நீண்ட இடைவெளிக்குப் பிறகுதான் கூடுகிறது என்று 2011இல் அமெரிக்கத் தரவுகளை வைத்துக் காட்டினார்கள். விருந்துகள் வைக்கப்படுவதும் அந்த இடைவெளியில்தான்.

ஒரு தவறான எண்ணத்தை இங்கே விலக்க வேண்டும். சிறுநீரகம் போனவருக்குப் போதை அதிகம் ஏறும், ஆல்கஹால் உடம்பிலேயே தங்கிவிடும் என்று நினைக்கிறார்கள். ஆல்கஹாலை உடைப்பது பெரும்பாலும் ஈரல்; சிறுநீரில் போவது சிறிதுதான். தங்குவது தண்ணீர். அதனால்தான் டயாலிசிஸ் நோயாளிக்குப் பியரைவிட 30 மில்லி விஸ்கி குறைந்த தொந்தரவு. பொட்டாசியமும் அதில் இல்லை என்றே சொல்லலாம். ஆனால் அதில் ஊற்றுவது இளநீராகவோ ஆரஞ்சுச் சாறாகவோ இருந்தால் பொட்டாசியம் அந்த வழியாக வந்துவிடும். கோலா என்றால் பாஸ்பேட்.

டயாலிசிஸ் நிலைக்கு இன்னும் வராத, மூன்றாம் நான்காம் நிலையில் இருப்பவர்களைப் பற்றி எனக்கு இருக்கும் பயம் வேறு. சிங்கப்பூரில் புதிதாகச் சிறுநீரகம் செயலிழப்பவர்களில் மூன்றில் இருவருக்கு நீரிழிவுதான் காரணம். ஆகவே இந்த நிலையில் இருப்பவர்களில் பலர் கிளிப்பிசைடு, கிளிக்லசைடு போன்ற சீனி மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள். ஆல்கஹாலை உடைப்பதில் மும்முரமாக இருக்கும் ஈரல் புதிதாகச் சர்க்கரை செய்து ரத்தத்தில் விடுவதை நிறுத்திவிடுகிறது. இன்சுலினைக் கழிக்க வேண்டிய சிறுநீரகம் மந்தமாக இருப்பதால் இன்சுலின் நீண்ட நேரம் நிற்கிறது. வயிறு காலி என்றால் விடியற்காலை மூன்று நான்கு மணிக்கு ரத்தச் சர்க்கரை 4க்குக் கீழே போகிறது. வியர்வை, உளறல், தள்ளாட்டம், பிறகு தூக்கம். வீட்டில் இருப்பவர்கள் என்ன நினைப்பார்கள்? “குடிச்சிட்டு வந்திருக்கார், தூங்கட்டும்.” உடம்பு குளிர்ந்து நனைந்திருந்தால், எழுப்பினால் சரியாக விழிக்கவில்லை என்றால், விரலைக் குத்திப் பாருங்கள். விழுங்க முடிந்தால் சீனித் தண்ணீர். முடியாவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் 995.

நம் சட்டம் குடிக்கும் நேரத்தையும் இடத்தையும் பார்க்கிறது. 2015 முதல் இரவு பத்தரைக்கு மேல் பொது இடத்தில் குடிக்க முடியாது. 2013 கலவரத்துக்குப் பிறகு தேக்காவில் வாரக் கடைசியில் கெடுபிடி இன்னும் அதிகம். தெருவுக்கு அது பொருந்தலாம். மேலே சொன்ன கெடுதல் எதுவுமே பத்தரைக்குள் நடப்பதில்லை. பதின்மூன்றாவது மணி நேரத்திலும் விடியற்காலை நான்கு மணிக்கும் திங்கள் நண்பகலிலும் நடக்கிறது.

பெரியவரிடம் முழுக்க விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லிப் பார்த்தேன். மருத்துவரும் சொன்னார். “மத்ததெல்லாம் விட்டாச்சு சிஸ்டர், வாழைப்பழம்கூட விட்டாச்சு” என்றார். கடைசியில் உணவு ஆலோசகர் உட்கார்ந்து பேரம் பேசினார்: சனிக்கிழமை 30 மில்லி விஸ்கி, ஒன்றே ஒன்று, சோறு சாப்பிட்ட பிறகு, இருமல் மருந்து மூடியில் அளந்து. அடுத்த திங்கள் 63.1 காட்டியது. விஸ்கி முப்பதுதான், சத்தியம் என்றார். நம்பினேன். கூட என்ன போட்டீர்கள் என்று கேட்டேன்.

“ஒண்ணுமில்ல, வெறும் ஐஸ்.”

எத்தனை கட்டி என்று கேட்டு, ஒரு தட்டு ஐஸை உருக்கி அளவுக் குவளையில் ஊற்றிக் காட்டினேன். 240 மில்லி வந்தது. அவர் குவளையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, “இதுவும் கணக்கா?” என்றார்.